எழும்பூர் மணலும் பாரிஸ் சிலேட்டும்: அதிகாரம், அறிவு, கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபூக்கோ என்றாலே சிறைதானே? பள்ளிக்கூடத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட ‘கண்காணிப்பும் தண்டனையும்’ சிறையின் பிறப்பைப் பற்றிய நூல் என்றுதான் அறிமுகமாகிறது. அதன் முதல் பக்கங்கள் மறக்க முடியாதவை. 1757இல் பிரெஞ்சு மன்னரைக் கத்தியால் குத்திய தாமியேன் என்பவரைப் பாரிஸ் நகர மக்கள் முன்னிலையில் சித்திரவதை செய்து, குதிரைகளைக் கட்டி இழுத்துக் கொல்கிறார்கள். அதற்கு அடுத்தபடியாக ஃபூக்கோ வைப்பது, ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் இளம் கைதிகளுக்காக எழுதப்பட்ட ஓர் அன்றாட அட்டவணை. முதல் முரசொலியில் எழுந்து சத்தமில்லாமல் உடுத்த வேண்டும். இரண்டாவதில் படுக்கையை ஒழுங்கு செய்ய வேண்டும். மூன்றாவதில் வரிசையில் நின்று பிரார்த்தனைக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். இரத்தம் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு நாளின் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரின் பிடியில் இருக்கிறது.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போகும்போதுதான் நூலின் நடுப்பகுதி விரிகிறது. சிறை அதைக் கண்டுபிடிக்கவில்லை. மடாலயம், படைமுகாம், தொழிற்கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றில் ஏற்கெனவே பழகிப்போன நுட்பங்களைச் சிறை கடன் வாங்கியது. ஆகவே அந்த நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்கப் பள்ளிக்கூடமே நல்ல இடம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பள்ளி வரலாற்றின் ஒரு முக்கியமான முடிச்சு நம் எழும்பூரில் விழுந்தது. ஃபூக்கோ அதை விரித்துப் பேசவில்லை. நாம் பேச வேண்டும்.

‘மெட்ராஸ் முறை’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் மெட்ராஸுக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதி தொடங்கப்பட்டபோது அதன் கண்காணிப்பாளரானார். அங்கே இருந்தவர்கள் கம்பெனிப் படையைச் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். பெரும்பாலோருக்குத் தாய் இந்தியப் பெண். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்களோ பெல் சொன்ன எந்தப் புது வழியையும் ஏற்கவில்லை.

ஒருநாள் குதிரையில் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை அவர் பார்த்தார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். எழுதியதை உள்ளங்கையால் தடவிவிட்டால் அடுத்த எழுத்துக்கு இடம் தயார். விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு இப்படிக் கற்றுக்கொடுங்கள் என்றார். அது நடக்கவே நடக்காது என்று ஆசிரியர் மறுத்தார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவனுக்கு அது கைவந்தது. அதன்பின் படிப்படியாக எல்லா வகுப்புகளும் பிள்ளைகளின் கைக்கே போயின. வகுப்புக்குள் ஒருவன் சொல்லிக்கொடுப்பவன், அவன் பக்கத்தில் ஒருவன் கேட்பவன் என்று இணை இணையாகப் பிரித்தார்கள். அவர்களுக்கு மேலே துணை ஆசிரியனாக ஒரு பையன், அவனுக்கு மேலே ஆசிரியனாக இன்னொரு பையன். எல்லோருக்கும் மேலே பெல்.

உடல்நலம் குன்றி 1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை அச்சிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பள்ளிகளுக்காகத் தொடங்கிய தேசியக் கழகம் அவருடைய முறையையே எடுத்துக்கொண்டது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர்.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை காலங்காலமாக இருந்தானே? பெல் புதிதாக என்ன செய்துவிட்டார்?

இந்தக் கேள்வியை வெள்ளைக்கார அதிகாரிகளே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கவர்னர் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றித் தகவல் கேட்டார். அதற்கு மறு ஆண்டு பதில் எழுதிய பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் போற்றத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது நியாயமே என்று குறிப்பிட்டார். அதே அறிக்கையில் இன்னொரு வழக்கமும் வருகிறது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். ஆக, வரிசையும் தண்டனையும் சட்டாம்பிள்ளையும் இங்கே இருந்தன. கோதண்டத்தில் தொங்கவிடுவதும் இருந்தது. திண்ணைப் பள்ளியை ஏதோ பிருந்தாவனம் போல நினைவுகூர்பவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்தத் திண்ணையில் ஏற எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் உரிமை இல்லை என்பதையும் சேர்த்தே.

பெல் கூட்டியது ஏடு. அன்றன்றைக்கு எந்த வகுப்பு எத்தனை பாடம் முடித்தது என்று ஒரு பதிவேடு. சோம்பலையும் குறும்பையும் தவறையும் பதிய ‘கறுப்புப் புத்தகம்’ என்று இன்னொன்று. வாரம் ஒருமுறை அந்தக் கறுப்புப் புத்தகத்தைப் பள்ளி முழுவதும் கேட்கும்படி திறந்து படிப்பார்கள். தவறு செய்தவனை அவனுடைய சக மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து விசாரிப்பார்கள். திண்ணை வாத்தியாருக்கு ஒரு பையன் மந்தமா சூட்டிகையா என்பது மனத்தில் இருந்தது. அவர் போனால் அதுவும் போயிற்று. எழும்பூரில் அது எழுத்தில் ஏறியது. எழுதியதைக் கூட்டலாம், ஒப்பிடலாம், கப்பலில் லண்டனுக்கு அனுப்பலாம். சென்ற மாதம் என்ன செய்தான், இந்த மாதம் என்ன செய்தான் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கடந்தகாலம் உண்டாகிவிட்டது. என் பார்வையில் மெட்ராஸ் முறையின் நெஞ்சு மணலில் இல்லை, இந்த ஏட்டில் இருக்கிறது.

லங்காஸ்டர் என்ற பெயரும் இதோடு வருகிறதே?

குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798இல் லண்டனின் பரோ சாலையில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கினார். பெல்லுக்கும் இவருக்கும் யார் முதலில் கண்டுபிடித்தார் என்று பெரிய சண்டையே நடந்தது. அது நமக்கு வேண்டாம். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்த முடியும் என்பதே லங்காஸ்டரின் உரிமைகோரல். அதற்காக அவர் அறையையே கருவியாக்கினார்.

வருகை எடுப்பதை மட்டும் பாருங்கள். சுவரில் வரிசையாக எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பையனும் தன் எண்ணின் கீழே போய் நிற்க வேண்டும். சட்டாம்பிள்ளை ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. ஆள் இல்லாத எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். வகுப்பில் முதல் இடத்தில் நிற்பவன் ‘1’ என்று பொறித்த தோல் சீட்டை அணிந்திருப்பான். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், சரியாகச் சொன்னவனுக்கு அந்தச் சீட்டும் இடமும் போய்விடும். ஒவ்வொருவனும் தன்னை அடுத்தவனோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாடு.

இந்த முறை கடல் கடந்து 1815க்குப் பிறகு பிரான்சில் பரவியது. ஃபூக்கோ கையில் எடுப்பது அந்தப் பிரெஞ்சுப் பள்ளிகளைத்தான். 1816ஆம் ஆண்டின் ஒரு கல்வி இதழிலிருந்து அவர் தரும் பகுதியில், ‘உங்கள் பெஞ்சுகளுக்குள் செல்லுங்கள்’ என்ற கட்டளை இரண்டாக உடைக்கப்படுகிறது. முதல் பாதியைக் கேட்டதும் பிள்ளைகள் வலது கையை மேசைமேல் ஓசையெழ வைத்து, ஒரு காலை மட்டும் பெஞ்சுக்குள் விடுகிறார்கள். மறுபாதியைக் கேட்டதும் அடுத்த காலையும் விட்டு, சிலேட்டுக்கு எதிரே உட்காருகிறார்கள். சிலேட்டு எடுப்பதும் அப்படியே. ஆணியில் தொங்கும் கயிற்றை வலது கையால் பிடித்து, இடது கையால் சிலேட்டை நடுவில் பற்றுவது ஒரு சொல்லுக்கு. அதைக் கழற்றி மேசையில் வைப்பது அடுத்த சொல்லுக்கு. அட்டவணையோ நிமிடக் கணக்கு: 8.45க்குச் சட்டாம்பிள்ளை நுழைவு, 8.52க்கு அழைப்பு, 8.56க்குப் பிள்ளைகள் நுழைவும் பிரார்த்தனையும், 9.00க்கு பெஞ்சு, 9.04க்கு முதல் சிலேட்டு.

பிரம்பை ஒழித்தார்கள் அல்லவா? அதில் என்ன குற்றம்?

குற்றம் இல்லை. பிரம்படி வாங்கிய பிள்ளை அந்த மாற்றத்தை வரவேற்கத்தான் செய்யும். லங்காஸ்டர் அடிப்பதை வெறுத்தார். அவர் கையாண்ட மாற்றுகள் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கால்களைப் பிணைப்பது, குற்றம் செய்தவனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவது. கூடையில் தொங்குபவனை மற்றப் பிள்ளைகள் கூண்டுப் பறவை என்று பார்த்துச் சிரிக்க வேண்டும். தோலுக்கு வலி இல்லை, மானத்துக்கு வலி.

தண்டனை மென்மையானதா கொடுமையானதா என்ற அளவுகோலை ஃபூக்கோ கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். தண்டனை எதைப் பிடிக்கிறது என்று கேட்கச் சொல்கிறார். பிரம்பு, செய்த தவறைப் பிடித்தது. புதிய முறையில் தவறு என்பதன் எல்லை அகன்றுவிட்டது. தாமதமாக வருவது, கவனம் சிதறுவது, உட்காரும் விதம், கை அழுக்கு, சொல்லின் தொனி என்று சட்டப் புத்தகத்தில் இல்லாத ஆயிரம் சின்ன விஷயங்கள் தண்டனைக்கும் பரிசுக்கும் உரியவையாகின்றன. அங்கே அளவுகோல் சட்டம் இல்லை, சராசரி. எல்லோரும் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதுதான் கேள்வி. இதையே அவர் இயல்பாக்கம் என்கிறார்.

அறிவே ஆற்றல் என்று பழமொழி போலச் சொல்வார்கள். ஃபூக்கோவும் அதைத்தான் சொல்கிறாரா?

அந்தச் சொல் அறிவை ஒரு கையிலும் ஆற்றலை இன்னொரு கையிலும் வைக்கிறது: படித்தவனுக்குப் பலம் வரும் என்பது அதன் பொருள். ஃபூக்கோவின் கேள்வி வேறு. ஒருவரைப் பற்றிய அறிவு உண்டாவதற்கே அவரை ஓரிடத்தில் உட்காரவைத்து, பார்த்து, எழுதி, ஒப்பிடும் அதிகாரம் முதலில் வேண்டும். அப்படி உண்டான அறிவு அந்த அதிகாரத்துக்குப் புதிய கைகளைத் தருகிறது. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை.

ஒரு பையனைப் பின்தொடர்வோம். கூட்டல் வகுப்பில் அவன் மூன்று மாதமாகக் கடைசி இடங்களில் நிற்கிறான் என்று ஏடு சொல்கிறது. இந்தத் தகவல் பொய் இல்லை. உண்மையிலேயே அவன் அங்கேதான் நின்றான். ஆனால் பிள்ளைகளை ஒரே பாடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, வரிசை எண்ணோடு நிறுத்தியிராவிட்டால் ‘கடைசி’ என்று ஓர் இடமே இருந்திருக்காது. இப்போது அவன் ‘பின்தங்கிய பிள்ளை’. அந்தப் பெயர் வந்ததும் அவனைப் போன்றவர்களை ஒன்றாக உட்காரவைக்கத் தனி வகுப்பு, அவர்களுக்கென்று தனிப் பாடமுறை, பின்தங்குவதற்குக் காரணம் என்ன என்று ஆராயும் தனி நிபுணர் எல்லாம் வரிசையாக வருகிறார்கள். நிபுணர் எழுதும் அறிக்கை, பையனை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறது. அனுப்பிய இடத்திலிருந்து மேலும் தகவல் வருகிறது. பள்ளி ஏட்டில் தொடங்கியது ஒரு துறையாக வளர்ந்துவிட்டது.

இதனால் அந்தத் துறையே வெறும் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அதிகாரத்திலிருந்து பிறந்தது என்பதாலேயே ஓர் அறிவு பொய்யாகிவிடாது. அது யாரைப் பேசவைத்தது, யாரைப் பேச்சுக்குரிய பொருளாக மட்டும் நிறுத்தியது என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

தேர்வுக்கு அவர் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறார்?

பார்ப்பதும் தரம் பிரிப்பதும் தேர்வில் ஒரே செயலாக இணைகின்றன. பழைய அரசர் தன்னைக் காட்டிக்கொண்டு ஆண்டார். பவனி வந்தார், குடிகள் இருட்டில் இருந்தார்கள். தேர்வில் அது தலைகீழாகிறது. தேர்வு நடத்துபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதுபவர் மட்டும் முழு வெளிச்சத்தில் இருக்கிறார், அவருக்கென்று ஒரு கோப்பும் பிறக்கிறது. முன்பெல்லாம் ஒருவருடைய வாழ்க்கையை எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் பெருமை. மன்னருக்கும் மகான்களுக்கும் மட்டுமே அது வாய்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு அதிகமாக எழுதப்பட்ட வாழ்க்கைகள் மாணவர்களுடையவை, நோயாளிகளுடையவை, கைதிகளுடையவை.

மருத்துவமனை இதில் எங்கே வருகிறது?

ஃபூக்கோ 1963இல் எழுதிய ‘மருத்துவமனையின் பிறப்பு’ பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய பாரிஸ் மருத்துவமனைகளைப் பற்றியது. அதற்கு முன் மருத்துவமனை பெரும்பாலும் ஏழைகள் ஒதுங்கும் தர்ம இடம். மருத்துவர் எப்போதாவது வெளியிலிருந்து வந்துபோவார். புரட்சிக்குப் பின் 1794இல் புதிய மருத்துவப் பள்ளிகள் அமைந்தபோது, கட்டிலருகே நின்று கற்பது மருத்துவக் கல்வியின் மையமானது. மாணவர் கூட்டம் சூழ, படுக்கை படுக்கையாக மருத்துவர் சுற்றிவரும் காட்சி அன்றாடமானது. வரிசையான படுக்கைகளும் தினசரிக் குறிப்பும் நோயை நோயோடு ஒப்பிட வழிசெய்தன. இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்து, உயிரோடிருந்தபோது எழுதிய குறிப்போடு பொருத்தினார்கள். பிஷா போன்ற மருத்துவர்கள் திசுக்களைப் பற்றி எழுதியது இந்த ஏற்பாட்டின் விளைவு.

இதில் ஒரு பேரம் இருந்தது. ஏழைக்கு இலவச மருத்துவம். பதிலுக்கு அவர் உடல் மாணவர்களின் பாடம். அங்கே கற்ற கலை பிறகு பணக்காரர் வீட்டுப் படுக்கையருகே பயன்பட்டது. யாருடைய உடல் மீது அறிவு சேர்கிறது, யாருக்கு அது போய்ச் சேர்கிறது என்ற இந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

பனாப்டிகான் உண்மையில் கட்டப்பட்டதா?

நடுவிலிருந்து ஒருவரே எல்லாக் கைதிகளையும் கண்காணிக்கும்படி ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் திட்டமிட்ட சிறை அது. அவர் திட்டமிட்டபடி அவர் காலத்து இங்கிலாந்தில் அது கட்டப்படவில்லை. அந்த யோசனை முதலில் அவருடைய தம்பி சாமுவேலுடையது. ரஷ்யப் பேரரசில் போட்டெம்கின் என்ற பிரபுவின் பண்ணையில் தொழிலாளர்களை மேற்பார்வையிட அவர் வட்ட வடிவக் கட்டடம் ஒன்றை நினைத்தார். தம்பியைப் பார்க்கப் போயிருந்த ஜெரமி 1787இல் அங்கிருந்து கடிதங்களாக அதை எழுதினார், 1791இல் அச்சானது. சுற்றிலும் அறைகள், நடுவில் கோபுரம். அறைகளுக்கு இருபுறமும் சன்னல் இருப்பதால் கைதியின் நிழலுருவம் கோபுரத்துக்குத் தெரியும். கோபுரத்தில் இருப்பவர் கைதிக்குத் தெரியமாட்டார். இருபது ஆண்டு அலைந்த பின் அரசு திட்டத்தைக் கைவிட்டுப் பெந்தாமுக்கு இழப்பீடு கொடுத்தது.

அந்தமான் செல்லுலார் சிறையைப் பலர் பனாப்டிகான் என்கிறார்கள். 1906இல் கட்டி முடிந்த அந்தச் சிறையில் ஏழு நீண்ட பிரிவுகள் நடுக் கோபுரத்திலிருந்து பிரிந்து போயின. கோபுரத்தில் நின்ற காவலர் நடைவழிகளைப் பார்க்க முடிந்தது; அறைக்குள் இருந்தவனைப் பார்க்க முடியவில்லை. ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும்படி கட்டியது கைதிகள் ஒருவரையொருவர் காணாதிருக்க. தனிமைப்படுத்துவதே அங்கே நோக்கம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் நடுவில் கோபுரம் உள்ள எல்லாமே பனாப்டிகான் ஆகிவிடும்.

சிறை ஆளைத் திருத்துவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் அது நீடிக்கிறது?

சிறை வந்த சில பத்தாண்டுகளுக்குள்ளேயே, 1820களிலிருந்து, பிரான்சில் இதே புகார்கள் எழுந்துவிட்டன: போனவனே திரும்பத் திரும்பப் போகிறான், உள்ளே குற்றவாளிகள் ஒருவருக்கொருவர் பழக்கமாகிறார்கள், வெளியே வந்தால் போலீஸ் பார்வை வேலை கிடைக்கவிடாமல் செய்கிறது, குடும்பம் தெருவுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் பரிந்துரைக்கப்பட்ட மருந்து, இன்னும் நல்ல சிறை. சீர்திருத்தம் சிறைக்குப் பின்னால் வந்தது இல்லை, கூடவே பிறந்தது.

ஃபூக்கோ கேள்வியைத் திருப்புகிறார்: தோல்வி என்று சொல்லப்படுவது எதற்குப் பயன்படுகிறது? நீதிமன்றம் ஒரு செயலைத் தண்டிக்கிறது. சிறைக்கு வேண்டியது ஆள். அவன் குழந்தைப் பருவம், குணம், பழக்கம் எல்லாம் கோப்பில் ஏறுகின்றன. சட்டத்தை மீறிய ஒருவர் ‘குற்றச் சுபாவம் உள்ளவர்’ என்ற வகையாக மாறி வெளியே வருகிறார். அந்த வகை, கண்காணிக்க எளிதான ஒரு சிறு கூட்டத்தைத் தருகிறது. அதிலிருந்து உளவாளிகளைப் பொறுக்கலாம், அதைக் காட்டி மற்ற ஏழைகளை அச்சுறுத்தலாம். பெரிய இடத்துச் சட்டமீறல்கள் கண்ணில் படாமல் போகும். யாரோ உட்கார்ந்து இப்படித் திட்டமிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் ஐரோப்பா. நம் ஊருக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். பொருந்தாத பாதிதான் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இன் திருத்திய வடிவில் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் கைரேகை பதிய வேண்டும்; இரவில் போலீஸ் நிலையத்திலோ குறித்த இடத்திலோ இருப்பைக் காட்ட வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பதிவேடு இருக்கிறது, வருகை எடுப்பது இருக்கிறது, ஆளைப் பற்றிய அறிவும் இருக்கிறது. எழும்பூர் விடுதியில் பார்த்த அதே உறுப்புகள். ஆனால் இங்கே யாரும் ஒரு தனி மனிதரைச் சராசரியோடு ஒப்பிடவில்லை. பிறந்த சாதியே கோப்பு. பாரிஸ் கைதி எதையாவது செய்த பிறகு அவனுக்குக் குற்றச் சுபாவம் கற்பிக்கப்பட்டது. இங்கே தொட்டிலிலேயே அது எழுதப்பட்டது.

துப்பாக்கியும் ஓரத்துக்குப் போகவில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை பதிய மறுத்தபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வெளிப்படையான வன்முறை பின்வாங்கி நுண்மையான ஒழுங்கு முன்னே வந்தது என்று ஐரோப்பாவுக்குச் சொல்லும் வரிசை, காலனியில் குலைகிறது. இங்கே இரண்டும் ஒரே காக்கி உடையில் வந்தன. 1947இல் மெட்ராஸில் சட்டம் நீக்கப்பட்டது.

வரலாற்றாசிரியர்கள் ஃபூக்கோவிடம் என்ன குறை காண்கிறார்கள்?

எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுவது ஒன்று: அவர் கையாளும் சான்றுகளில் பெரும்பகுதி விதிப்புத்தகங்களும் திட்டங்களும். ஒரு பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியதை வைத்து, அது அப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 9.04க்கு முதல் சிலேட்டு என்று அட்டவணை சொல்லும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில் உரக்கப் படிக்கும்போது எழும் இரைச்சலை அட்டவணை சொல்லாது. சட்டாம்பிள்ளைகள் தமக்குத் தெரிந்ததை மட்டுமே ஒப்பிக்கச் செய்தார்கள். கேள்வி கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பிரான்சில் 1830களிலேயே ஒரே ஆசிரியர் முழு வகுப்புக்கும் நேரே பாடம் சொல்லும் முறை மேலோங்கியது. இங்கிலாந்தில் 1846இல் அரசு, சம்பளமும் பயிற்சியும் பெறும் மாணவ ஆசிரியர்களை ஏற்படுத்தியபின் பழைய சட்டாம்பிள்ளை முறை தேய்ந்தது. கற்பித்தல் முறை என்ற அளவில் அது தோற்றது. வருகைப் பதிவேடும் தரவரிசையும் மட்டும் தோற்கவில்லை. அடுத்த முறை அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. ஃபூக்கோவின் வாதம் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது குறை, பெண்களைப் பற்றிய மௌனம். அவருடைய வகுப்பறைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் பையன்கள். தையல் வகுப்பு, பெண்கள் சிறை, பிரசவ அறை ஆகியவற்றில் உடல் எப்படிப் பழக்கப்பட்டது என்பதைப் பின்னால் வந்தவர்களே எழுத வேண்டியிருந்தது.

வகுப்பறையில் கேமரா வைத்தால் அது பனாப்டிகானா?

கேமராவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பதிவாகும் படத்தை யாராவது ஒரு பெயரோடு இணைக்கிறார்களா, அந்தப் பெயருக்கு எதிரே மதிப்போ தரமோ ஏறுகிறதா, அதை வைத்து அந்த ஆளிடம் ஏதாவது மாற்றச் சொல்கிறார்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் விடை ‘இல்லை’ என்றால் அது திருட்டுக்கு வைத்த காவல். மாறாக, கேமராவே இல்லாத ஒரு விடுதியில் வார்டன் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டுக்கு மூன்றுக்கும் ‘ஆம்’ வரலாம்.

சரி, மாற்றாக ஃபூக்கோ எதைச் செய்தார்?

நூல் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1971 பிப்ரவரியில், இதழாசிரியர் தொமெனாக், வரலாற்றாசிரியர் விதால்-நாக்கே ஆகியோருடன் சேர்ந்து ‘சிறைகள் பற்றிய தகவல் குழு’வைத் தொடங்கினார். சிறை எப்படி இருக்க வேண்டும் என்று குழு எந்தத் திட்டமும் எழுதவில்லை. பார்வை நேரத்துக்காகச் சிறை வாசலில் வரிசையில் நின்ற குடும்பங்களிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்தது. சாப்பாடு, குளிர், அடி, மருத்துவம், தணிக்கை பற்றிக் கைதிகளே பதில் எழுதினார்கள். அதைச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். கைதியைப் பற்றி அதுவரை எழுதியவர்கள் வார்டனும் நீதிபதியும் மருத்துவரும்தான். இப்போது கேள்வித்தாள் எதிர்த்திசையில் போனது.

அந்த ஆண்டு டிசம்பரில் துல் நகரச் சிறையில் கிளர்ச்சி வெடித்தது. அங்கே மனநல மருத்துவராக இருந்த எடித் ரோஸ் தான் கண்ணால் கண்டதைப் பகிரங்கமாக எழுதினார்: கைதிகளை நாள்கணக்கில் கட்டிப்போட்டிருந்ததை, தற்கொலை முயற்சிகளை, இடத்தையும் நாளையும் சொல்லி. நிறுவனத்துக்குள்ளேயே அமர்ந்து, நிறுவனத்தின் அறிவைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை வெளியே திருப்பியதை ஃபூக்கோ மிகவும் மதித்தார். குழு 1972 இறுதியில் கலைந்து, முன்னாள் கைதிகள் தாங்களே நடத்திய அமைப்புக்கு வழிவிட்டது. அதற்குள் கைதிகளுக்கு நாளிதழ் படிக்கும் உரிமை கிடைத்திருந்தது.